படிக்கட்டு எந்தப் பக்கம்

ஒரு பெண்ணும் அவள் மகளும் யாருக்கும் தெரியாமல் குடியிருந்த வீட்டுக்கு வழி எழுதி, அதைப் பொதுவில் வைத்தவள் நான். எழுதும்போது எனக்கு விஷயம் தெரியாது. அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான் புவியியல் ஆசிரியை. ஏழாம் வகுப்புக்கு வருடாவருடம் ஒரு பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வீடு வரைக்கும் காலடிகளை எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். காலடியை மீட்டராக்கி, மீட்டரைச் சென்டிமீட்டராக்கி, வடக்குக் குறி போட்டு, வரைபடம் வரைய வேண்டும். பாடப்புத்தகத்தில் அளவுகோல் என்று ஒரு பத்தி இருக்கிறது. அதைப் படித்து ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் விளங்கியதில்லை. நடந்து பார்த்தால் விளங்கும்.

போன வருடம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். எனக்குப் பதிலாக வந்த ஆசிரியருக்கு என் பாடக்குறிப்பைக் கொடுத்தார்கள். அதில் "மாணவர்களை நடக்கச் சொல்லவும்" என்று ஒரே வரி. அவரும் சொல்லியிருக்கிறார். நாற்பது பிள்ளைகள் மைதானத்தை நாற்பது நிமிடம் சுற்றியிருக்கிறார்கள். யாரிடமும் ஒரு எண்கூட இல்லை.

"உங்க பாடம் உங்க தலைக்குள்ள இருக்குக்கா," என்றாள் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் மேசை அவளுடையது. என்னைவிட ஆறு வயது சின்னவள், வாய் மட்டும் பதினாறு வயது பெரியது. "தலையை லீவ்ல வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்க. அவர் பாவம், என்ன பண்ணுவார்?"

அப்போதுதான் அதை ஒழுங்காக எழுதுவது என்று முடிவு செய்தேன். எனக்கு ஒரு வலைப்பூ உண்டு. வினாத்தாள்கள், நதிகளின் பட்டியல் என்று எதையாவது போட்டு வைப்பேன். மாதத்துக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். அதிலேயே, யார் எடுத்தாலும் நடத்தக்கூடிய, தங்கள் வகுப்புக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளக்கூடிய கையேடாக எழுத நினைத்தேன்.

எழுத உட்கார்ந்தால்தான் தெரிகிறது, வகுப்பில் நான் என்னவெல்லாம் செய்கிறேன் என்பது எனக்கே தெரியாது. ஐம்பது மீட்டருக்குக் கயிறு கட்டுகிறேன். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை எண்ணச் சொல்லிச் சராசரி எடுக்கிறேன். "காலைப் பார்த்து நடக்காதே" என்கிறேன். காலைப் பார்த்தால் பிள்ளைகள் எட்டி எட்டி வைப்பார்கள், அளவு பொய்யாகிவிடும். எண்ணி முடித்த பிறகுதான் அளவுகோலைத் தேர்ந்தெடுக்க விடுகிறேன். முன்கூட்டியே விட்டால் வீடு தாளுக்கு வெளியே போய்விடும். இதெல்லாம் ஏழு வருடத்துத் தப்புகளிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றையும் ஒரு படியாக எழுதினேன். பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களைத் தனிப் பெட்டியில் போட்டேன். திசைகாட்டி இல்லாத பள்ளிக்கு ஒரு வழி. இட வசதி இல்லாத பள்ளிக்கு ஒரு வழி. பிள்ளைகளைத் தனியே வெளியே அனுப்ப முடியாத பள்ளிக்கும் ஒரு வழி எழுதினேன்: "வகுப்பறையிலிருந்து வாசல் வரை வரைந்தாலே போதும்." பாதுகாப்பைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பிறகு சோதனை. கணக்கு டீச்சர் என் பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறு பிரிவில் பாடம் நடத்தினாள். நான் கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பேசக் கூடாதுன்னா மூச்சுகூடப் பெருசா விடாதீங்கக்கா," என்றாள் வகுப்பு நடுவில் திரும்பி. "நீங்க விடற மூச்சுல நான் எங்க தப்புப் பண்றேன்னு தெரிஞ்சுபோகுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பு முடிந்ததும் என் பக்கத்தில் பதினொரு இடங்களில் பென்சில் கோடு போட்டுக் கொடுத்தாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"மாதிரி ஒண்ணு வேணும். நல்ல வரைபடம்னா எப்படி இருக்கும்னு வாத்தியாருக்கே தெரியலைன்னா அவர் எப்படி மார்க் போடுவார்?"

நானே ஒன்று வரைந்தேன். மிகவும் சுத்தமாக வந்துவிட்டது. பெரியவர்கள் வரைந்ததைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பயம்தான் வரும். ஒரு பிள்ளையின் கை வேண்டும். நன்றாக இருக்க வேண்டும், அதில் பேசுவதற்கு ஒரே ஒரு தப்பும் இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று நான் திருத்தி வைத்திருந்த தாள்களுக்குள் இருந்தது. ஆண்டு நடுவில் வந்து சேர்ந்த பெண். கயிற்றின் ஐம்பது மீட்டருக்குச் சரியாக நூறு காலடி வைத்தவள். வகுப்பிலேயே சின்ன நடை. அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் பொடிநடை. அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். பள்ளி வாசலிலிருந்து அவள் வீட்டுக்கு அறுநூற்று நாற்பது காலடி. முந்நூற்று இருபது மீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு இருபது மீட்டர் என்று எடுத்து, பதினாறு சென்டிமீட்டரில் வழியைத் தாளுக்குள் அடக்கியிருந்தாள். தபால் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது திருப்பம், கண்ணாடி வெட்டும் கடை, அதன் மாடியில் வீடு. ஒரே குறை, மாடிக்கு ஏறும் படிக்கட்டைக் குறிக்கவில்லை.

"இதை என் பக்கத்துல போடட்டுமா? மத்த டீச்சர்ஸ் எல்லாம் பார்ப்பாங்க."

முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "பேரு போட மாட்டீங்கல்ல மிஸ்?"

"போட மாட்டேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அம்மாவைக் கேட்டாயா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். வகுப்புப் படத்தில்கூட அவள் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குத் தலைமை ஆசிரியை, "வீட்டுல விருப்பமில்லையாம்," என்றார். படம் என்றால் முகம் என்று நான் எடுத்துக்கொண்டேன். தாள் எப்படி முகமாகும்?

தாளை போனில் படம் எடுத்தேன். நான் எப்போதும் வைப்பது போலவே கோப்புக்குப் பெயர் வைத்தேன்: வகுப்பு, பிரிவு, வரிசை எண், பிள்ளையின் பெயர். அப்படி வைக்காவிட்டால் நாற்பது தாள்களில் யாருடையது எது என்று தெரியாது. அவள் பெயர் அரிதான பெயர். அம்மா பெயரில் பாதி, அப்பா பெயரில் பாதி சேர்த்து யாரோ ஆசையாக உண்டாக்கியது. உலகத்தில் இன்னொருத்திக்கு இருக்க வாய்ப்பில்லை. படத்தை வலைப்பூவில் ஏற்றியபோது கோப்பின் பெயரும் படத்தின் இணைய முகவரியாகக் கூடவே போனது. அது எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் தெரியவில்லை, அதனால் இல்லை என்று இருந்துவிட்டேன்.

கூடவே, மற்றவர்கள் மாற்றிக்கொள்வதற்கென்று திருத்தக்கூடிய கோப்பு ஒன்றையும் வைத்தேன். அதிலும் அதே படம். தாளின் மேல் விளிம்பில் பள்ளியின் பெயர் அச்சாகியிருந்தது. அதை வெட்டினேன். பிள்ளையின் பெயர் மேல் ஒரு வெள்ளைக் கட்டம் வைத்தேன். கச்சிதமாக மறைந்துவிட்டது. "யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்" என்று அடியில் எழுதி வெளியிட்டேன்.

இந்த முறை முப்பது பேரோடு நிற்கவில்லை. ஏதோ ஒரு ஆசிரியர் குழுவில் யாரோ பகிர்ந்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் இருநூறு. நன்றி, அருமை, எங்கள் பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள் என்று கருத்துகள். பத்து நாள் கழித்து, "ஒரு சக ஆசிரியர்" என்ற பெயரில் ஒன்று வந்தது.

"மிகப் பயனுள்ள பாடம். மாதிரி வரைபடத்தில் மாணவி வடக்கைச் சரியாகக் குறித்திருக்கிறாளா?"

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அருமை என்று நூறு பேர் சொல்லலாம். வடக்கைச் சரிபார்ப்பவர் ஒருவர்தான் வருவார். "ஆம், நானே திசைகாட்டி வைத்துச் சரிபார்த்தேன்," என்று பதில் போட்டேன்.

இரண்டு நாளில் அடுத்தது. "வீடு மாடியில் என்று தெரிகிறது. படிக்கட்டு கடையின் எந்தப் பக்கம்? என் மாணவர்கள் கேட்கிறார்கள்."

மறுநாள் வகுப்பில் பொடிநடையின் பெஞ்சுக்குப் போய்க் கேட்டேன்.

"பின்னாடி மிஸ். சந்துக்குள்ள போய் ஏறணும். முன்னாடி இருந்து பார்த்தா தெரியவே தெரியாது." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அதான் வரைய மறந்துட்டேன்."

அன்று மாலையே எழுதினேன்: "நல்ல கேள்வி. படிக்கட்டு கடைக்குப் பின்புறச் சந்தில். குறியீடு ஒன்று விடுபட்டால் வரைபடத்தை நம்பி வருபவர் வழி தவறுவார் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்."

நான் எழுதிய வாக்கியம் அது. இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

மூன்றாவது முறை அவர் கேள்வி கேட்கவில்லை, யோசனை சொன்னார். "தூரத்தோடு நேரத்தையும் சேர்த்தால் வேகம் கணக்கிடலாம். மாணவி எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வீடு சேர்கிறாள் என்று மாதிரியில் கொடுத்தால் உதவியாக இருக்கும்."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். "யாருடி இந்த ஆளு? கல்யாணமாகி இருபது வருஷத்துல நானே உன் பேச்சை இவ்வளவு கவனமாக் கேட்டதில்ல."

"அதான் நீங்க வாத்தியார் ஆகல."

சிரித்தோம். அந்த வாரமே பாடத்தில் எட்டாவது படியாக வேகத்தைச் சேர்த்தேன். பிள்ளைகள் கைக்கடிகாரத்தோடு நடந்தார்கள். இரண்டாம் பதிப்பு என்று போட்டு, மாதிரிக்குக் கீழே எழுதினேன்: கிளம்பியது 4.10, சேர்ந்தது 4.16, வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 மீட்டர். யோசனை தந்த சக ஆசிரியருக்கு நன்றி என்றும் ஒரு வரி.

அவர் அதற்குப் பதில் போடவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஐந்து நாள் கழித்து, பிற்பகல் கடைசிப் பிரிவேளை. கணக்கு டீச்சர் தன் விகிதப் பாடத்துக்காக என் கோப்பைப் பிரதி எடுத்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க வெள்ளைக் கட்டம் நகருது."

"எந்தக் கட்டம்?"

"பேரை மறைச்சிருக்கீங்களே, அது. தெரியாம இழுத்துட்டேன்." சிரித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினாள். பொடிநடையின் பெயர் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் பளிச்சென்று இருந்தது. "சரி, பேருதானே. இருங்க..." எதையோ அழுத்தினாள். நான் வெட்டிய மேல் விளிம்பு திரும்பி வந்தது. எங்கள் பள்ளியின் பெயர். "வெட்டினது போகலக்கா. சும்மா மடிச்சு வெச்ச மாதிரி உள்ளேயே இருக்கு. யார் விரிச்சாலும் விரியும்."

சிரிப்பு அவளிடம் நின்றுவிட்டது. என்னிடம் இன்னும் பாக்கி இருந்தது. "என்ன இப்போ, சின்னப் பிள்ளை பேருதானே, மாத்திடலாம்," என்றேன்.

"பொடிநடை பேரு. அவளை போட்டோவே எடுக்கக் கூடாதுன்னாங்களேக்கா." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏன்னு யாராவது சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. அவள் தேடல் பெட்டியில் பொடிநடையின் முழுப் பெயரைத் தட்டினாள். ஒரே ஒரு முடிவு வந்தது. என் மாதிரி வரைபடம்.

தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது, எடுத்துவிடுகிறேன் என்று சொல்வதாகத்தான் திட்டம். சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அந்தம்மா ராத்திரியோட ராத்திரியா ஊரைவிட்டு வந்தவங்க," என்றார். "அந்த ஆள் ரெண்டு தடவை கண்டுபிடிச்சு வந்திருக்கான். ரெண்டாவது தடவை மூணு மாசம் ஆஸ்பத்திரி. கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு. அட்டெண்டென்ஸ்ல அட்ரஸ்கூட நான் எழுதல. வகுப்பு ஆசிரியரைத் தவிர யாருக்கும் சொல்லல."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருக்கலாம்." அவர் மறுக்கவில்லை. "எத்தனை பேருக்குத் தெரியுதோ அத்தனை ஓட்டைன்னு நினைச்சேன். உங்ககிட்ட கமெண்ட் போட்டது யாரு?"

போனை நீட்டினேன். வடக்கு, படிக்கட்டு, நேரம். வரிசையாகப் படித்தார். என் பதில்களையும் படித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வடக்கை ஏன் கேட்டான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வடக்கு சரியாக இருந்தால் மற்றதும் சரியாக இருக்கும். தாள் எவ்வளவு நம்பகமானது என்று பரீட்சை வைத்திருக்கிறான். நான் பாஸ் பண்ணிவிட்டேன்.

மணி மூன்றே முக்கால்.

பக்கத்தை எடுத்தேன். கோப்பையும் எடுத்தேன். அதற்குள் நாற்பத்து மூன்று பிரதிகள் போயிருந்தன. அது நேராக என்னிடமிருந்து எடுத்தவர்களின் கணக்கு. அவர்கள் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அதற்குத்தானே செய்தேன்.

தலைமை ஆசிரியை போலீசுக்குப் பேசினார். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. பிறகு அந்தம்மாவுக்குப் போன் அடித்தார். ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. அங்கே கேட்டால், மூன்றரைக்கே முறை முடிந்து கிளம்பியாயிற்று என்றார்கள்.

"மெஷின் சத்தத்துக்காக போனைச் சைலண்ட்ல போட்டிருப்பாங்க. திருப்பி மாத்த மறந்திருப்பாங்க," என்றார். "வீட்டுக்குத்தான் போவாங்க."

"பொண்ணு?"

"என் ரூம்ல உக்கார வெச்சுக்கறேன். நீங்க போங்க. உங்களுக்குத்தான் வழி தெரியும்."

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குத்தான் தெரியும். அந்த வழியில் நான் ஒருமுறைகூட நடந்ததில்லை. ஆனாலும் தெரியும்.

வாசலிலிருந்து இடப்பக்கம். என்னையறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். பொடிநடைக்கு அறுநூற்று நாற்பது என்றால் எனக்கு நானூற்றுத் தொண்ணூறு வரும். தபால் பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டியின் நிழல்கூட அவள் வரைந்த பக்கமே விழுந்திருந்தது. எங்கேயாவது ஒரு தப்பு இருக்கக் கூடாதா, ஒரு திருப்பம் மாறியிருக்கக் கூடாதா என்று பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

கண்ணாடிக் கடையில் ஒரு ஆள் குனிந்து கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் மாடிக்கு வழியே தெரியவில்லை. சந்துக்குள் திரும்பினேன்.

படிக்கட்டின் மூன்றாவது படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல முழங்காலைச் சேர்த்து வைத்திருந்தார். கையில் நான்காக மடித்த தாள். மடிப்புக்கு வெளியே என் தலைப்பு தெரிந்தது: இரண்டாம் பதிப்பு.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்து நின்றார் என்பதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

"டீச்சர்தானே? பக்கத்துல உங்க போட்டோ இருக்கே." சிரித்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். எனக்கே புரிஞ்சுதுன்னா பாருங்களேன்."

"நீங்க எந்த ஸ்கூல்?" என்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல் வந்த கேள்வி.

"ஸ்கூலா? நான் ஆறாவதோட நின்னுட்டேன் டீச்சர். அப்போ உங்கள மாதிரி யாராவது இருந்திருந்தா படிச்சிருப்பேன்." தாளைத் தடவினார். "எம் பொண்ணு கையெழுத்து இப்படி அழகாயிடுச்சு. ரெண்டு வருஷமாச்சு பார்த்து."

"அவங்க இங்க இல்ல. காலி பண்ணிட்டாங்க."

"அப்படியா?" சந்தின் மேலே நிமிர்ந்து பார்த்தார். மாடியில் ஒரு சீருடைப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. நானும் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு பதினாறுதானே டீச்சர்? இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. நான் இருக்கேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அவரோடு நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டும், போலீஸ் வரும் வரை பிடித்து வைக்க வேண்டும் என்றெல்லாம் தோன்றியது. ஆனால் அந்தம்மா எந்தப் பக்கமிருந்து வருவாள்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் தண்ணீர்த் தொட்டி வழியாகத்தான். வரைபடத்தில் வேறு தெரு இல்லை. சந்தைவிட்டு வெளியே வந்து, கடையைத் தாண்டும் வரை மெதுவாக நடந்தேன். பிறகு ஓடினேன்.

இரண்டாவது திருப்பத்தில் எதிரே வந்தாள். ஒல்லியான பெண், தோளில் பை, கையில் காய்கறிக் கட்டு. பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு முறை கடைசி வரிசையில் பார்த்த முகம். என்னை அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"மேப் டீச்சர்! எங்க இந்தப் பக்கம்? வீட்டுக்கு வந்தீங்களா?" வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "உங்க பாடம்னா அவளுக்கு உசுரு. போன வாரம் பூரா என் காலையும் அளந்தா. அம்மா, நீ வேகமா நடக்கற, பயந்தா மாதிரி நடக்கறன்னு..."

அவள் முழங்கையைப் பிடித்தேன். "திரும்பி நடங்க. ஸ்கூலுக்கு. பொண்ணு அங்க பத்திரமா இருக்கா. பின்னாடி பார்க்காதீங்க."

சிரிப்பு அப்படியே வடிந்தது. ஏன் என்று கேட்கவில்லை. யார் என்றும் கேட்கவில்லை. காய்கறிக் கட்டைச் சுவரோரம் ஓசையில்லாமல் வைத்தாள். நெடுநாள் பழக்கம் உள்ளவள் போலத் திரும்பி நடந்தாள். பொடிநடை சொன்னது சரிதான், வேகமான நடை. தபால் பெட்டி தாண்டிய பிறகுதான் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எப்படி?"

சொன்னேன். நடந்துகொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பின் பெயர், வெள்ளைக் கட்டம், படிக்கட்டு, நேரம். எதையும் விடவில்லை. அவள் முகம் திரும்பவே இல்லை.

"படிக்கட்டு பின்னாடின்னு நீங்களே எழுதினீங்களா?"

"ஆமா."

"அந்தப் படிக்கட்டுக்காகத்தான் அந்த வீட்டை எடுத்தேன்," என்றாள்.

தலைமை ஆசிரியையின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் வெளியே நின்றேன். கணக்கு டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றாள். நாலரைக்குப் போலீஸ் அங்கே போனபோது படிக்கட்டில் ஆள் இல்லை என்று போன் வந்தது. படியில் மடித்த தாள் மட்டும் இருந்ததாம். தேவையில்லை என்று வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மனப்பாடமாகியிருக்கும்.

உள்ளேயிருந்து துண்டு துண்டாகக் கேட்டது. வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டாம். துணிமணி பிறகு. தலைமை ஆசிரியையின் தங்கை இருக்கும் ஊர். பிறகு அந்தம்மாவின் குரல், கணக்குச் சொல்வது போல:

"பேரை மாத்தணும் மேடம். இந்தப் பேர்ல இனி எங்கயும் சேர்க்க முடியாது. எத்தனை பேர்கிட்ட இருக்கோ."

நாற்பத்து மூன்று என்று எனக்குத் தெரியும். உள்ளே போய்ச் சொல்லவில்லை. அன்று இரவிலிருந்து அவர்களில் முகவரி தெரிந்த ஒவ்வொருவருக்கும் எழுதினேன், படத்தை அழித்துவிடுங்கள் என்று. இருபத்தாறு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், தன் பள்ளிச் சுவரில் அதைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருப்பதாகவும், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருப்பதாகவும், ஏன் எடுக்க வேண்டும் என்று புரியவில்லை என்றும் எழுதினார். காரணத்தை எழுத முடியாது. எழுதினால் அதுவும் ஒரு வழி.

அன்று மாலையே ஒரு கார் பின்வாசலில் வந்து நின்றது. அந்தம்மா முதலிலேயே ஏறிக் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். பொடிநடை புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளிடம் இன்னும் யாரும் சரியாக எதையும் சொல்லவில்லை. ஆனால் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் படிக்கத் தெரிந்த பிள்ளை.

"மிஸ்," என்றாள். "என் மேப்ல தப்பா?"

"இல்லம்மா. எல்லாம் சரியா இருந்துச்சு."

"படிக்கட்டைப் போட்டிருந்தா முழு மார்க்கா?"

நான் தலையை ஆட்டினேன். அது ஆமா என்பதற்கா இல்லை என்பதற்கா என்று எனக்கே தெரியவில்லை. தலைமை ஆசிரியை அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

கார் நகர்ந்து பின்வாசலைத் தாண்டித் தெருவுக்கு இறங்கியது. அங்கே இடமும் போகலாம், வலமும் போகலாம். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.